சவுக்கார மிஸ் சீல் குத்திய கடிதம்

சுலோஜனா மிஸ்ஸைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாம் கை கழுவுகிற கதையாகத்தான் இருக்கும். கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கைலாகு கொடுக்க மறுத்தாராம், கோயிலில் கஞ்சி வார்த்தவனிடம் நகத்தைக் காட்டச் சொன்னாராம், எலுமிச்சம்பழத்துக்குச் சவுக்காரம் போட்டாராம். எலுமிச்சம்பழக் கதை பச்சைப் பொய். மற்ற இரண்டும் நான் கண்ணால் கண்டவை. சவுக்கார மிஸ் என்று அவருக்குப் பெயர் வைத்ததும் நான்தான். அது அவருக்கும் தெரியும்.

நான் கைறுன்னிஸா, காத்தான்குடி. வாவிக்கரையில் இருக்கிற இந்த ஆஸ்பத்திரியின் ஒன்பதாம் வார்ட்டில் இருபத்திரண்டு வருடமாகச் சிற்றூழியர். கூட்டுவது, துடைப்பது, கட்டில் தள்ளுவது, ஏச்சுக் கேட்பது, திருப்பி ஏசுவது எல்லாம் என் வேலை. கடைசி வேலை நியமனக் கடிதத்தில் இல்லை, நானாக எடுத்துக்கொண்டது.

சுலோஜனா மிஸ் படுவான்கரைப் பக்கம் பழுகாமத்துப் பிள்ளை. அப்பா வல்லிபுரம், வாவியில் பாதை ஓட்டியவர். மோட்டார்சைக்கிளையும் மாட்டையும் மனிசரையும் ஒன்றாக ஏற்றி அக்கரைக்கு இழுத்துப் போகிற மிதவையைத்தான் எங்கள் பக்கம் பாதை என்போம். தாயில்லாத மகளை அந்தப் பாதையிலேயே ஏற்றி இறக்கிப் படிப்பித்து, தாதியாக்கிவிட்டார். நாற்பத்தாறு வயதாகிறது, கலியாணம் கட்டவில்லை. தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி என்று பதவி கொடுத்த நாளிலிருந்து மிஸ் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்.

கதைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை காலை மூன்றாம் கட்டில்காரர் வாந்தி எடுத்தார். மத்தியானம் எட்டாம் கட்டில். பின்னேரம் ஒரு தாதிக்கு வயிற்றோட்டம். திங்கள் விடியும்போது ஏழு பேர். ஒரு வைரஸ், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கையால் பரவுகிறது என்றார்கள். வார்ட்டுக்குப் புது நோயாளி எடுப்பதை நிறுத்தினார்கள். தரை, கட்டில், கதவுப்பிடி எல்லாவற்றையும் நாள் முழுக்கக் குளோரின் தண்ணியால் துடைக்கச் சொல்லி என்னை உருட்டினார்கள்.

அதே வார்ட்டில், பதினாலாம் கட்டிலில், வல்லிபுரம் ஐயா கிடந்தார். எழுபத்தாறு வயது, இதயம் பலவீனம், கால் இரண்டும் பனங்குற்றி மாதிரி வீங்கி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர். ஊசியில் கொஞ்சம் வற்றி, சாய்ந்து இருந்து தேத்தண்ணி குடிக்கிற அளவுக்குத் தேறியிருந்தார். டொக்டர் மிஸ்ஸைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒளித்துக் கேட்கவில்லை, கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“மிஸ், அப்பாவுக்கு இது தொத்தினா கஷ்டம். சேலைன் கூட ஏத்தினா நெஞ்சில தண்ணி கட்டும். ஏத்தாம விட்டா கிட்னி போயிரும். எப்படியாச்சும் தொத்தாமப் பாருங்க.”

“வேற வார்ட்டுக்கு மாத்தினா என்ன மிஸ்?” என்று பிறகு நான் கேட்டேன்.

“தொத்து இரிக்கிற வார்ட்டில இரிந்து ஒருத்தரையும் மற்ற வார்ட்டுக்கு மாத்தக்கூடாது, அக்கா. அங்கயும் கொண்டுபோய் விதைக்கிறதா?”

“சட்டம் போட்டது ஆரு?”

“நான்தான்.”

“அப்ப வீட்ட கொண்டு போங்க.”

“ஒட்சிசன் சிலிண்டர ஆரு கொண்டு வாறது, நீங்களா?”

தகப்பனைத் தன் சட்டத்தாலேயே கட்டிலோடு கட்டிப்போட்ட மகளை நான் அன்றுதான் கண்டேன்.

வார்ட்டுக்குள் நோயைக் கொண்டு வந்து கொண்டு போகிறவர்கள் யார்? பார்க்க வருகிற சனம்தான். எங்கள் பக்கம் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஊரே வான் பிடித்து வந்து பார்க்க வேண்டும். வராமல் விட்டவனைப் பிறகு செத்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள். வந்தவர்கள் சும்மா நிற்பதில்லை. கட்டிலில் ஏறி இருப்பார்கள், நோயாளியின் நெற்றியைத் தடவுவார்கள், அடுத்த கட்டில்காரருக்கும் ஒரு வாய் சோறு தீத்துவார்கள். ஆகவே மிஸ் ஒரு கடிதம் எழுத முடிவெடுத்தார். முதலில் எழுதியதைப் படித்துக் காட்டினார். அதில் ‘அறிவில்லாத’ என்ற சொல் மூன்று தரம் வந்தது. எடுத்துவிடுங்கள் மிஸ் என்று சொல்லி எடுப்பித்தேன். கடைசியில் கடிதம் இப்படி அமைந்தது:

“அன்புள்ள பார்வையாளருக்கு,

நீங்கள் அன்பினால்தான் வருகிறீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் இப்போது ஒன்பதாம் வார்ட்டில் வாந்தியும் வயிற்றோட்டமும் பரவுகிறது. இந்த நோய் பெரும்பாலும் கையில் ஏறி வாய்க்குப் போகிறது. உங்கள் கையிலும் ஏறும்.

வார்ட்டுக்குள் வருமுன்னும், நோயாளியைத் தொட்ட பின்னும், மலசலகூடம் போன பின்னும், சாப்பிடுமுன்னும், வார்ட்டை விட்டுப் போகும்போதும் சவுக்காரமும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு கை கழுவுங்கள். மோதிரம், காப்பு, மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, பெருவிரல், நகநுனி, மணிக்கட்டு வரை தேயுங்கள். தொடங்கி முடிக்க நாற்பது முதல் அறுபது விநாடி ஆக வேண்டும். பிறகு ஈரம் துடையுங்கள். கட்டிலடியில் இருக்கிற ஸ்பிரிட் கை மருந்தை மட்டும் பூசிவிட்டு வராதீர்கள். மற்ற நோய்களுக்கு அது நல்லது, இந்த நோய்க்கு அது மட்டும் போதாது.

ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் வரலாம். தினமும் அந்த ஒருவரே வருவது நல்லது. சிறுபிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள். கட்டிலில் இருக்க வேண்டாம், மற்றக் கட்டில்களுக்குப் போக வேண்டாம், நோயாளியின் மலசலகூடத்தைப் பாவிக்க வேண்டாம், வார்ட்டுக்குள் சாப்பிட வேண்டாம், சாப்பாட்டைப் பங்கிட வேண்டாம். உங்களுக்கே வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்தால் அது முற்றாக நின்று நாற்பத்தெட்டு மணித்தியாலம் கழியும்வரை வரவே வேண்டாம். யாராக இருந்தாலும் இதுதான்.

கையில் பிடிக்கிற பொருளிலும் நோய் ஒட்டும். கைபேசி, கூடை, காகிதம் எதுவாக இருந்தாலும் தொட்டால் கழுவாமல் வாய்க்குக் கை கொண்டு போகாதீர்கள். இந்தக் கடிதத்தையும் வாசித்த பின் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

வ. சுலோஜனா, தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி.”

நல்ல கடிதம்தான். ஆனால் அதன் அடியில் மிஸ் ஒரு காரியம் செய்தார். ஆஸ்பத்திரியின் வட்டச் சீலை எடுத்து ஊதா மையில் அழுத்திக் குத்தினார். நாற்பது பிரதிக்கும் நாற்பது குத்து.

“சீல் என்னத்துக்கு மிஸ்?”

“சீல் இல்லாட்டி நம்மட சனம் கச்சான் கடலை சுத்தத்தான் எடுக்கும்.”

அது உண்மைதான். ஆனால் மிஸ் மறந்த இன்னொரு உண்மை இருக்கிறது. எங்கள் சனம் யுத்தம் நடந்த முப்பது வருடமும் சீல் குத்திய காகிதத்தைக் காட்டித்தான் சோதனைச்சாவடி கடந்தது. சீல் உள்ள காகிதத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள். காட்டுவார்கள்.

செவ்வாய் மத்தியானம் ஒரு நோயாளிக்கு ஒன்று என்று வாசலில் கொடுத்தோம். புதன் பின்னேரம் வந்து பார்த்தால், யா அல்லாஹ், ஒவ்வொரு கடிதமும் லெமினேட் பண்ணி மினுங்குகிறது! சிலது கழுத்தில் நாடா கட்டித் தொங்குகிறது. ஒன்றின் நெற்றியில் திருநீறும் குங்குமமும். மற்ற வார்ட்டுக்காரர் வந்து, எங்களுக்கு ஏன் கடிதம் இல்லை, நாங்கள் என்ன ஓரவஞ்சனைக்குப் பிறந்தவர்களா என்று சண்டை. ஒருவர் அதைக் காட்டி பஸ்ஸில் முன் சீட் கேட்டாராம். கொடுத்தும் விட்டார்களாம்.

வாசலில் காவலுக்கு நின்றவர் ஜெயந்தன். தொப்பியை நேராக வைத்துக்கொண்டு, “கை கழுவின பிறகு கடிதத்தக் காட்டுங்க, கடிதத்தக் காட்டுங்க!” என்று கத்தினார். பழுகாமத்திலிருந்து வான் நிறைய வந்து இறங்கிய கூட்டத்துக்கு முன்னால் மிஸ்ஸின் மாமி சின்னத்தங்கம் நின்றா. வல்லிபுரம் ஐயாவின் கூடப்பிறந்த தங்கச்சி.

“சுலோ, எங்களுக்கும் கடிதம் தா புள்ள. பதினேழு பேர் வந்திரிக்கம்.”

“மாமி, ஒராள்தான். அந்த ஒராள் நான்தான். நான் உள்ளுக்கு வேல செய்யிறன், கை கழுவிற்று ஒவ்வொரு நாளும் பார்க்கிறன். நீங்க எல்லாரும் கிறுகிப் போங்க.”

“எண்ட அண்ணன நான் பார்க்கப்படாதா? படிச்ச படிப்புக்கு நீ உண்ட கையக் கழுவு. உறவையும் சேத்துக் கழுவாத!”

பதினேழு பேரும் திரும்பிப் போனார்கள். மாமி போகும்போது மண் அள்ளித் தூற்றவில்லை, அவ்வளவுதான் குறை. மிஸ் உள்ளே வந்து அப்பாவின் கட்டிலைத் தானே ஒருமுறை குளோரின் போட்டுத் துடைத்தார். நான் துடைத்துக் கால்மணித்தியாலம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை நோய் குறையும் என்று பார்த்தோம். கூடியது. புதிதாக ஐந்து பேர். மிஸ்ஸுக்கு மூளை குழம்பிவிட்டது. சனம் கை கழுவுகிறது, நான் பார்க்கிறேன், விரல் இடுக்கெல்லாம் தேய்க்கிறது, பிறகு எப்படி என்று புலம்பினார். ஒரு பெரிய தாளில் கட்டில் கட்டிலாகக் கீறி, யாருக்கு எந்த மணிக்கு வந்தது, எப்படி வந்திருக்கலாம் என்று பட்டியல் போட்டார். வெள்ளி காலை அந்தத் தாளை என் முன்னால் விரித்தார்.

“அக்கா, ஆறாம் கட்டில் முகைதீன்பாவா காக்காவப் பாருங்க. அங்கால அஞ்சுக்கு வந்திட்டு, இங்கால ஏழுக்கு வந்திட்டு. அவருக்கு மட்டும் ஏன் வரல்ல?”

அண்ணன் முறை உள்ளவரை எங்கள் ஊரில் காக்கா என்போம்; அந்த முகைதீன்பாவா காக்கா அப்போது கட்டிலில் சம்மணம் போட்டு இருந்து, முழு வார்ட்டும் குடலைப் பிடித்துக்கொண்டு கிடக்க, ஆஸ்பத்திரிச் சோற்றை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அவருக்கு ஆரு மிஸ் வாறது? தம்பிமார் நாலு பேரோடயும் கோவம். மச்சான்மாரோட வழக்கு. மகன் பேசி ஏழு வருசம். அவரு வந்த நாளில இருந்து ஒரு குருவிகூடப் பார்க்க வரல்ல.”

“அப்ப அவருக்குக் கடிதமும் குடுக்கல்ல?”

“குடுக்க ஆள் இல்லியே.”

மிஸ் என்னைப் பார்த்தார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்குப் பார்வை நேரம் தொடங்கியதும் இரண்டு பேரும் வார்ட் வாசலில் போய் நின்றோம்.

பார்க்க வேண்டிய காட்சி அது. வெளியே ஒரு குடும்பத்தில் பதினைந்து பேர் நிற்கிறார்கள். ‘ஒருவர்தான்’ என்பதை ‘ஒருவர் ஒருவராக’ என்று எடுத்துக்கொண்டு, ஒருவர் போய் வந்ததும் அடுத்தவர் போகிறார். போகிறவர் தொட்டியில் அருமையாகக் கை கழுவுகிறார், பெருவிரல்கூட விடவில்லை. அப்போது உள்ளேயிருந்து வருகிறவர் கடிதத்தைக் கொண்டு வந்து அந்தக் கழுவிய கையில் வைக்கிறார். அந்தக் கடிதம் உள்ளே வாந்திக்காரனின் போர்வையில் கிடந்தது, கக்கூஸ் ஜன்னலில் இருந்தது, தலையணைக்குக் கீழே போனது. ஒருவர் இரண்டு கையிலும் சாப்பாட்டு அடுக்குக் கரியலைப் பிடித்துக்கொண்டு கடிதத்தை வாயில் கவ்விக்கொண்டு வந்தார். அடுத்தவர் அதை அவர் வாயிலிருந்து பக்குவமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மிஸ் ஒரு சத்தம் போட்டார். சொல் ஒன்றுமில்லை, வெறும் சத்தம்.

“ஜெயந்தன்! எத்தின பேருட கடிதத்தத் தொட்டீங்க?”

“எல்லாருடயும் மிஸ். சீலத் தடவிப் பார்த்தாத்தானே அசலா போட்டோகொப்பியா எண்டு தெரியும்? மூண்டு கள்ளக் கடிதம் பிடிச்சிரிக்கன்.” பெருமையாகத்தான் சொன்னார். மறுகா மெதுவாக, “ரெண்டு நாளா வயிறும் சரியில்ல மிஸ். லீவு போட்டா வாசல ஆரு பார்க்கிற எண்டுதான்...” என்றார்.

அந்த நிமிடமே அவரை வீட்டுக்கு அனுப்பினார் மிஸ். எல்லாம் நின்று நாற்பத்தெட்டு மணித்தியாலம் கழித்து வா, ஒரு நிமிசம் முந்தி வந்தாலும் வாசலில் வைத்துத் திருப்புவேன் என்று சொல்லி அனுப்பினார். சனத்திடமிருந்து கடிதங்களைப் பறித்தோம். சும்மா தந்தார்களா? ஒரு மனுசி கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “என்னைக் கொண்டுட்டு எடுங்க” என்று நின்றா. கையுறை போட்டு, எல்லாவற்றையும் கழிவுப் பைக்குள் தள்ளிக் கட்டினோம். திருநீறு பூசியதை மட்டும் மிஸ் மேசையில் எடுத்து வைத்தார். பணிப்பாளருக்குக் காட்டாவிட்டால் நம்ப மாட்டார் என்றார்.

பிறகு கையுறையைக் கழற்றி, ஒரு நிமிடம் கை கழுவினார். துடைத்தார். ஆறு நாளாக இறுகிக் கிடந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. காரணம் பிடிபட்டுவிட்டது, இனி நோய் அடங்கும், அப்பா தப்பிவிட்டார் என்கிற சிரிப்பு. சிரித்தபடியே மேசையில் கிடந்த அந்தக் கடிதத்தைக் கையால் எடுத்துக்கொண்டு பதினாலாம் கட்டிலுக்குப் போனார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாய் காட்டுகிற எனக்கு அப்போது ஒரு சொல் வரவில்லை. வராதது மட்டுமில்லை, நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டு பின்னால் போனேன். நினைத்தால் என் தலையில் நானே போட வேண்டும் போல இருக்கிறது.

“என்ன புள்ள, பல்லெல்லாம் தெரியுது?” என்றார் ஐயா.

மிஸ் கதை முழுவதையும் சொன்னார். வாயில் கவ்வி வந்ததைச் சொல்லும்போது ஐயா மூச்சு வாங்கச் சிரித்தார். “ஊரெல்லாம் பேசிற கடிதம். எனக்கு ஒருக்காக் காட்டல்லியே. தா பார்ப்பம்” என்று கையை நீட்டினார். மிஸ் கொடுத்தார். ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, உதடு அசைய அசைய, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தார். சீலையும் பார்த்தார். நிமிர்ந்து மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லா எழுதியிரிக்காய் மகள்” என்று திருப்பிக் கொடுத்தார். சிரித்ததில் வந்த கண்ணீரையும் வாயோரத்தையும் கையால் துடைத்துக்கொண்டார். பிறகு தேத்தண்ணி வந்தது, பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் மிஸ்ஸுக்கு வாந்தி. அதே இரவு ஐயாவுக்கும் வாந்தியும் வயிற்றோட்டமும்.

மிஸ் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தபடியே என்னிடம் தாளைக் கேட்டார். ஏன் என்று நினைத்தேன். பதினாலாம் கட்டில் என்று எழுதி, அதற்கு நேரே ‘எப்படி வந்திருக்கலாம்’ என்ற இடத்தில் ‘மகள் சுலோஜனா கொண்டு வந்து கொடுத்த கடிதம்’ என்று எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பவும் வாந்தி எடுத்தார். பிறகு ஓட்டோ பிடித்து, தான் தங்கியிருக்கிற அறைக்குப் போய்விட்டார். நோய் உள்ள ஊழியர் வார்ட்டில் நிற்கக்கூடாது. சட்டம் போட்டது யார் என்று நான் இந்தமுறை கேட்கவில்லை.

ஞாயிறு பகல் ஒரு மணிக்கு மிஸ்ஸுக்குக் கடைசி வயிற்றோட்டம். சரியாக எனக்கு போன் எடுத்து மணியைச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் செவ்வாய் பகல் ஒரு மணிக்குத்தான் வரலாம். ஐயாவை நோய் வந்தவர்களோடு வார்ட்டின் கடைசி அறைக்கு மாற்றினார்கள். திங்கள் முழுக்கச் சரிந்துகொண்டே போனார். சலம், அதுதான் சிறுநீர், போகவில்லை, பிரஷர் இறங்கியது. டொக்டர் கட்டிலடியிலேயே நின்று, சேலைனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, மறுபடி விட்டார். செவ்வாய் காலை என்னிடம் சொன்னார்: “இண்டைக்கு மத்தியானம் தாண்டினாப் பார்க்கலாம்.”

பன்னிரண்டு மணிக்கு மிஸ் வாசலில் வந்து நின்றார். முகம் தேங்காய்ப்பூ மாதிரி வெளிறியிருந்தது. வாசலில் ஜெயந்தன், தன்னுடைய நாற்பத்தெட்டு மணித்தியாலத்தை முடித்துக்கொண்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். தகவல் கேட்டு பழுகாமத்து வானும் வந்துவிட்டது. மாமி சின்னத்தங்கம் முன்னால் நின்றா.

“மிஸ், வயித்து வருத்தம் எத்தின மணிக்கு நிண்ட?” என்றார் ஜெயந்தன்.

“ஞாயிறு ஒண்டுக்கு.”

“அப்ப இன்னும் ஒரு மணித்தியாலம் இரிக்கு.” சொல்லிவிட்டு அவருக்கே அழுகை வந்துவிட்டது. “ஆனா நீங்க எழுதின சட்டம்தானே மிஸ். நீங்களே ஒரு மணித்தியாலத்தக் குறைக்கலாம். நான் மற்றப் பக்கம் பார்க்கிறன், போங்க.”

“இல்ல.”

“போடி புள்ள உள்ளுக்கு!” என்று மாமி கத்தினா. “எண்ட அண்ணன் அங்க மூச்சுக்கு இழுக்கிறாரு. உண்ட கடிதத்த நீயே நெருப்பில போடு. போ!”

“மாமி, உள்ளுக்கு இன்னும் பன்ரெண்டு பேர் கிடக்காங்க. அவங்களும் ஒவ்வொருத்தருக்கு அப்பாதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு மிஸ் வேலியோரம் போய் நிழலில் நின்றார்.

அந்த ஒரு மணித்தியாலமும் நான் வார்ட்டுக்கும் வாசலுக்கும் நடந்தேன். ஒவ்வொரு தரமும் கை கழுவினேன், தோல் உரிந்தது. “கண் முழிச்சாரு.” “மூடிட்டாரு.” “பிரஷர் எண்பது.” “உங்கள எங்க எண்டு கேட்டாரு.” இதைக் கேட்டு மிஸ் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பழுகாமத்துச் சனம் பதினேழும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. மாமி அழுதுகொண்டே தொட்டியில் போய்க் கை கழுவினா. ஒன்றும் செய்ய முடியாத நேரத்தில் செய்ய அது ஒன்றுதான் இருந்தது போல, மற்றவர்களும் வரிசையில் நின்று கழுவத் தொடங்கினார்கள்.

ஒரு மணி அடித்தது. பகல் பார்வை நேரம் முடிந்த மணி. ஜெயந்தன் பழக்கத்தில் கதவைச் சாத்திவிட்டார்.

“டேய்!” என்றேன்.

“ஒரு மணிக்கு முந்தி மிஸ்ஸுக்கு வருத்தம், உள்ளுக்குப் போகப்படாது. ஒரு மணிக்குப் பிந்தி பார்வையாளர் ஒருத்தரும் போகப்படாது. நான் என்ன செய்யிற அக்கா?” ஆள் நிஜமாகவே குழம்பிப்போய் நின்றார்.

“நான் இப்ப பார்வையாளர் இல்ல. வேலைக்கு வாறன்” என்று மிஸ் அடையாள அட்டையை நீட்டினார். ஜெயந்தன் அதைத் தொடாமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாசித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

தொட்டியடியில் மிஸ் நின்று கை கழுவினார். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு. “மிஸ், ஓடுங்க, அல்லாஹ்வுக்காக!” என்று நான் கத்தினேன். பெருவிரல், நகநுனி, மணிக்கட்டு. துடைத்தார். ஏப்ரன் கட்டினார், கையுறை போட்டார். கடைசி அறைக்குள் போய்க் கட்டிலில் இருக்காமல், பக்கத்தில் குந்தி அப்பாவின் கையைப் பிடித்தார்.

ஐயா கண்ணைத் திறந்தார். சேலைன் போத்தல் அரைவாசியில் இருந்தது. சலப்பையில், காலையில் இல்லாத இரண்டு விரல் அளவு சலம் சேர்ந்திருந்தது. டொக்டர் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் உயிர் வந்திருந்தது.

“தப்பிருவாரு மிஸ்” என்றார்.

மிஸ்ஸுக்கு அதுவரை அடக்கி வைத்த அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. “அப்பா, நான்தான் உங்களுக்குக் கொண்டு வந்து தந்தன். அந்தக் கடிதத்திலதான் இரிந்திச்சு. உங்கட கையில நானே வச்சன்.”

“தெரியும்” என்றார் ஐயா.

“என்ன தெரியும்?”

“வாசிச்சன் தானே. கடிதத்த வீட்டில வச்சிற்று வரச் சொல்லிக் கடைசியில எழுதியிரிந்த. நீ கையில கொண்டு வந்து நிக்கிறாய்.” ஒரு மூச்சு எடுத்தார். “தண்ணி தா, கை கழுவணும் எண்டு கேட்டா உனக்கு விளங்கிரும், சிரிப்புப் போயிரும். எத்தின நாளைக்குப் பிறகு சிரிச்சாய். என்னெண்டு கேக்கிற? மறுகா பிஸ்கட்டும் வந்திட்டு.”

மிஸ் அப்பாவைப் பார்த்து, “நீங்க என்ன மனிசன் அப்பா! செத்துப் போயிரிப்பீங்க!” என்று கத்திய கத்தலில் ஆறாம் கட்டிலிலிருந்து முகைதீன்பாவா காக்கா எழும்பி எட்டிப் பார்த்தார். இந்த மனுசி ஒருவரை ஏசிக் கத்தி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

“பட்டியல்ல உண்ட பேர எழுதினயாம். கைறுன்னிஸா சொன்னா” என்றார் ஐயா. “அத வெட்டிப் போட்டு எண்ட பேர எழுது. உண்ட கடிதத்த முழுக்க வாசிச்ச ஒரே ஆள் நான்தான். தெரிஞ்சு திண்டவனும் நான்தான்.”

மிஸ் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு தாளைக் கொண்டு வரச் சொன்னார். தன் பெயரை வெட்டவில்லை. அதற்குக் கீழே ‘வல்லிபுரம்’ என்று எழுதினார். எழுதி முடித்துத் தாளை மடிக்கப் போனவரின் கையைப் பிடித்து, அதற்குக் கீழே என் பெயரையும் எழுதுங்கள் மிஸ் என்றேன். நானும் அன்றைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தவள்தானே.